வியூஃபைண்டர் மங்கலாகத் தெரிவதும், பின் திரை தானே அணைவதும்

மிரர்லெஸ் கேமராவைப் புதிதாகக் கையில் எடுத்தவர்கள் சொல்லும் குறைகளில் இரண்டு அடிக்கடி காதில் விழும். ஒன்று, "பின் திரையில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது, வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் எல்லாம் மங்கல்." இன்னொன்று, "படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே திரை திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறது." இரண்டிலும் பெரும்பாலும் பழுது என்று எதுவும் இருக்காது. முதலாவது, வியூஃபைண்டரின் கண்ணாடி உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி அமைக்கப்படாததால் வருவது. இரண்டாவது, வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன சென்சர் எதையோ உங்கள் முகம் என்று எடுத்துக்கொள்வதால் வருவது. லென்ஸைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்த இரண்டையும் சரிபார்ப்பது நல்லது. அதற்கு, வியூஃபைண்டர் என்ற அந்த ஜன்னலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

உள்ளே இருப்பது ஒரு குட்டித் திரை

பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தையே கண்ணாடிகள் திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்பின. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதிவுசெய்யும் சென்சர் பார்க்கும் காட்சி, வியூஃபைண்டருக்கு உள்ளே இருக்கும் ஒரு சிறிய ஓஎல்இடி திரையில் ஓடுகிறது. அந்தத் திரையின் மூலைக்கு மூலை அளவு பெரும்பாலும் அரை அங்குலம்தான். அதை வெறுங்கண்ணால் அத்தனை அருகில் வைத்துப் பார்க்கவே முடியாது. அதனால் திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவில் சில லென்ஸ்களை வைத்திருக்கிறார்கள். அவை பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து, குட்டித் திரையைப் பெரிதாக்கி, கொஞ்சம் தள்ளி இருப்பதுபோலக் காட்டுகின்றன.

இந்த லென்ஸ்களைத் திரைக்கு அருகிலோ தள்ளியோ நகர்த்துவதுதான் டயாப்டர் சக்கரத்தின் வேலை. வியூஃபைண்டருக்குப் பக்கத்தில், பெரும்பாலும் வலது ஓரத்திலோ இடது ஓரத்திலோ, சிறு சக்கரமாகவோ தள்ளும் நெம்புகோலாகவோ இது இருக்கும். அது நகர்த்துவது உங்கள் கண்ணுக்கான லென்ஸை மட்டும். படம் எடுக்கும் லென்ஸை அது தொடுவதில்லை, ஆட்டோஃபோகஸையும் மாற்றுவதில்லை, மெமரி கார்டில் பதிவாகும் படத்தில் அதனால் எந்த மாற்றமும் வராது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வியூஃபைண்டரில் மங்கலாகத் தெரிந்ததும் ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து லென்ஸின் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். திருப்பத் திருப்ப, சரியாக இருந்த ஃபோகஸும் போய்விடும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. காட்சியைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். வியூஃபைண்டரின் கீழ்ப்பக்கத்தில் ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ எண்கள் இருக்கும். அவற்றைக் கேமராவே திரையில் வரைகிறது. லென்ஸ் எங்கே ஃபோகஸ் ஆகியிருந்தாலும், லென்ஸ் மூடியே போட்டிருந்தாலும், அந்த எண்கள் கூர்மையாகத்தான் வரையப்பட்டிருக்கும். ஆக, எண்களே மங்கலாகத் தெரிந்தால் சிக்கல் உங்கள் கண்ணுக்கும் டயாப்டருக்கும் நடுவில். எண்கள் கூர்மையாக இருந்து காட்சி மட்டும் மங்கலாக இருந்தால் சிக்கல் லென்ஸின் ஃபோகஸில். எண்களே தென்படவில்லை என்றால் DISP பட்டனை ஒன்றிரண்டு முறை அழுத்திப் பாருங்கள், தகவல்கள் மறைக்கப்பட்டிருக்கலாம்.

திரை தெளிவு, வியூஃபைண்டர் மங்கல்: இது எப்படி?

புதியவர்களைக் குழப்புவது இந்த முரண்தான். அதே கேமரா, அதே காட்சி, ஒரு இடத்தில் தெளிவு, இன்னொரு இடத்தில் மங்கல் என்றால் வியூஃபைண்டர் கெட்டுவிட்டது என்றுதானே தோன்றும்? ஆனால் உங்கள் கண்ணைப் பொறுத்தவரை இந்த இரண்டு திரைகளும் ஒரே தூரத்தில் இல்லை.

டயாப்டர் எண்ணுக்கு ஒரு நேரடியான பொருள் உண்டு. 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மீட்டரில் ஒரு தூரம் கிடைக்கும். வியூஃபைண்டரை −1-இல் வைத்தால் உள்ளே இருக்கும் படம் 1 மீட்டர் தள்ளி இருப்பதுபோல உங்கள் கண்ணுக்குத் தோன்றும். −2-இல் வைத்தால் 50 செ.மீ., −4-இல் வைத்தால் 25 செ.மீ. 0-இல் வைத்தால் அது மிகத் தொலைவில், மலையைப் பார்ப்பதுபோல இருக்கும். பின் திரையோ உங்கள் கையில், சுமார் 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடியின் பவர் −2.5. கண்ணாடியைக் கழற்றினால் அவரால் தெளிவாகப் பார்க்க முடிந்த அதிகபட்சத் தூரம் 1-ஐ 2.5-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 40 செ.மீ. அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். அவர் கண்ணாடி இல்லாமல் பின் திரையைப் பார்க்கிறார். திரை 30 செ.மீ.-இல் இருக்கிறது, தெளிவாகத் தெரிகிறது. அதே கண்ணோடு வியூஃபைண்டருக்குள் பார்க்கிறார். டயாப்டர் 0-இல் இருக்கிறது, படம் வெகு தொலைவில் இருப்பதுபோல வருகிறது, மங்கலாகத் தெரிகிறது. கேமரா மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் சக்கரத்தை −2.5 பக்கம் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் படம் 40 செ.மீ.-க்கு வந்துவிடும், எழுத்துகள் கூர்மையாகிவிடும்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தொலைவில் இருப்பது தெளிவாகத் தெரியும், ஆனால் 30 செ.மீ.-இல் இருக்கும் திரையைப் படிக்கக் கையை நீட்ட வேண்டியிருக்கும். அவர்களுக்கு வியூஃபைண்டர்தான் வசதி. அதன் படத்தைத் தொலைவில் கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடியும். படிக்கும் கண்ணாடி இல்லாமலே அமைப்புகளை மாற்றலாம், எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் சரியா என்று சோதிக்கலாம். பல கேமராக்களில் வியூஃபைண்டரில் கண் வைத்தபடியே MENU பட்டனையும் பிளேபேக் பட்டனையும் அழுத்தினால் எல்லாம் உள்ளேயே தெரியும். வெள்ளெழுத்துக்காரர்கள் பலருக்கு இந்த வசதி தெரியாமலே போய்விடுகிறது.

சக்கரத்தைத் திருப்பும் முறை

"தெளிவாகும்வரை திருப்புங்கள்" என்றுதான் கையேடுகள் பெரும்பாலும் சொல்லும். அது தவறில்லை, ஆனால் முழுமையும் இல்லை. இளம் கண்ணுக்கு ஒரு திறமை உண்டு. தன் லென்ஸைத் தானே இறுக்கி, அருகில் இருப்பதைத் தெளிவாக்கிக்கொள்ளும். அதனால் தேவைக்கு மேல் மைனஸ் பக்கம் வைத்துவிட்டாலும் படம் கூர்மையாகவே தெரியும். கண்தான் உள்ளுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் படம் எடுத்தபின் கண் கனப்பது, புருவத்துக்கு மேல் வலிப்பது, கேமராவை இறக்கியதும் சில நொடி தூரப்பொருள் மங்கலாகத் தெரிவது ஆகியவை இதனால் வரலாம். அதனால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம் என்பது முக்கியம். பிளஸ் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

செய்யும் விதம் இது. முதலில் வியூஃபைண்டரின் வெளிக்கண்ணாடியை மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள். இமை எண்ணெயும் விரல் ரேகையும் படிந்த கண்ணாடி, டயாப்டர் தவறியதுபோலவே மங்கலைக் காட்டும். லென்ஸ் மூடியைப் போட்டுவிடலாம், காட்சி இல்லாததால் கவனம் எழுத்துக்குப் போகும். இன்னும் நல்லது, வியூஃபைண்டருக்குள்ளேயே மெனுவைத் திறப்பது. திரை முழுக்க எழுத்தாக இருக்கும், எந்த எழுத்தின் ஓரம் கூர்மை என்று பார்ப்பது சுலபம். அப்புறம் சக்கரத்தைப் பிளஸ் பக்கம் கடைசிவரை திருப்புங்கள். எழுத்துகள் மங்கிப்போக வேண்டும். கண்ணை எடுத்து, சன்னல் வழியாகத் தொலைவில் இருக்கும் எதையாவது ஒரு பத்து நொடி பாருங்கள், கண் தளரும். மறுபடி கண்ணை வைத்து, சக்கரத்தை மெதுவாக மைனஸ் பக்கம் திருப்புங்கள். எழுத்துகளின் ஓரம் முதன்முதலில் கூர்மையாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் திருப்பினாலும் கூர்மை அப்படியே இருக்கும், ஆனால் அது கண் உழைத்துக் கொடுக்கும் கூர்மை.

சில சக்கரங்களில் பிளஸ், மைனஸ் குறி இருக்காது. அப்போது இரண்டு கடைசிகளிலும் வைத்துப் பாருங்கள். சாதாரணப் பார்வை உள்ளவருக்கோ, பவர் கண்ணாடி அணிந்தவருக்கோ, ஒரு கடைசியில் எழுத்து எவ்வளவு முயன்றாலும் தெளிவாகாது. இன்னொரு கடைசியில் கொஞ்சம் முயன்றால் தெளிவுக்கு வருவதுபோல இருக்கும். முயன்றாலும் தெளிவாகாத கடைசிதான் பிளஸ். வெள்ளெழுத்து வந்தவருக்கு இரண்டு பக்கமும் மங்கலாகவே இருக்கலாம். அவருக்கு இந்தச் சோதனை தேவையும் இல்லை, கண் இழுத்துப் பிடிக்கும் வேலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டதால் கூர்மை தெரியும் இடம் ஒன்றுதான் இருக்கும்.

திருப்பிக்கொண்டிருக்கும்போது கேமரா தூங்கிவிட்டால் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள், விழித்துக்கொள்ளும். எந்தக் கண்ணால் படம் எடுப்பீர்களோ அந்தக் கண்ணை வைத்தே அமையுங்கள். இரண்டு கண்ணிலும் பவர் வேறுவேறாக இருப்பது சாதாரணம், வலது கண்ணுக்கு அமைத்ததில் இடது கண்ணால் பார்த்தால் மீண்டும் மங்கலாகத் தெரியும்.

கண்ணாடி அணிந்தா, கழற்றியா?

−2.5 நண்பருக்கே திரும்புவோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டயாப்டரை −2.5-இல் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தோம். கேமராக்களின் டயாப்டர் எல்லை பெரும்பாலும் −4 முதல் +2 அல்லது +3 வரை போகும். சின்னக் கேமராக்கள் சிலவற்றில் −3 முதல் +1 வரைதான். அவருக்கு இரண்டுமே போதும். ஆனால் கேமராவிலிருந்து கண்ணை எடுத்ததும் எதிரே இருப்பவரின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. கண்ணாடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருக்க வேண்டும், அதற்குள் எடுக்க நினைத்த கணம் போய்விடும். அதனால் என் பரிந்துரை, கண்ணாடியை அணிந்தபடியே டயாப்டரை அமைப்பது. கண்ணாடியே அவருடைய பவரைச் சரிசெய்துவிடுவதால், அவருக்கு வேண்டிய இடம் 0-க்கும் −1-க்கும் நடுவில் எங்காவது இருக்கும்.

−6 பவர் உள்ளவருக்கு இந்தத் தேர்வே கிடையாது. சக்கரம் அவ்வளவு தூரம் போகாது, அதனால் கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கும் இதேதான். சிலிண்டர் என்பது கண் ஒரு திசைக் கோட்டைக் கூர்மையாகவும் அதற்குக் குறுக்கான கோட்டை மங்கலாகவும் பார்ப்பது. டயாப்டர் சக்கரம் எல்லாத் திசைக்கும் ஒரே அளவில்தான் மாற்றும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கே நிறுத்தினாலும் எழுத்தின் நேர்க்கோடு தெளிந்தால் படுக்கைக்கோடு மங்குகிறது, அல்லது எழுத்துக்கு நிழல் விழுந்ததுபோல இருக்கிறது என்றால், காரணம் இதுவாக இருக்கலாம். கண்ணாடியோடு பார்த்தால் தீர்ந்துவிடும். கண்ணாடியோடும் அப்படியே இருந்தால் கண் பரிசோதனை செய்துகொள்வதே முறை. புரோகிரெசிவ் கண்ணாடி அணிபவர்கள் தொலைவுக்கான மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். தலையைக் கொஞ்சம் தூக்கினாலும் படிக்கும் பகுதி குறுக்கே வந்து எழுத்தை மங்கச் செய்துவிடும்.

கண்ணாடி அணிவதால் ஒரு இழப்பும் உண்டு, அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வியூஃபைண்டரின் முழுப் படமும் தெரிய, கண் அதற்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் அது சுமார் 2 செ.மீ. கண்ணாடி நடுவில் வந்தால் கண் பின்னால் தள்ளிப்போகிறது, மூலைகள் இருண்டோ மங்கியோ தெரிகின்றன. நடு எழுத்து கூர்மை, மூலை எழுத்து மட்டும் மங்கல் என்றால் டயாப்டரைத் தொடாதீர்கள், கண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து நெருக்கிப் பாருங்கள். சில கேமராக்களில் வியூஃபைண்டர் படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக் காட்டும் அமைப்பு இருக்கிறது. கண்ணாடிக்காரர்களுக்காகவே வைத்ததுபோல அது உதவும்.

ஒருமுறை அமைத்தால் எப்போதும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பையில் உரசி நகர்ந்துவிடும், நேற்றுவரை தெளிவாக இருந்தது இன்று மங்கலாகிவிடும். சில கேமராக்களில் சக்கரத்தை வெளியே இழுத்தால்தான் திரும்பும், மீண்டும் உள்ளே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். அப்படி இல்லாதவற்றில், அமைத்தபின் சக்கரத்திலும் பக்கத்து உடம்பிலும் நேர்நேராக இரண்டு சிறு புள்ளி வைத்துக்கொண்டால் பார்த்தவுடன் சரியான இடத்துக்குத் திருப்பிவிடலாம். வேறொருவர் உங்கள் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தைத்தான்.

வியூஃபைண்டரைப் பற்றி எச்சரிக்கை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண் வைக்கும் பக்கம் வெயிலைப் பார்க்கும்படி கேமராவை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் லென்ஸ்கள் சூரிய ஒளியைக் குவித்துக் குட்டித் திரையின் மேல் விழச்செய்யும், அங்கே நிரந்தரமான தழும்பு விழலாம். டயாப்டரை எவ்வளவு திருப்பினாலும் போகாத ஒரு புள்ளியோ கோடோ எப்போதும் ஒரே இடத்தில் தெரிந்தால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

திரையை அணைப்பது யார்?

வியூஃபைண்டரின் மேலோ கீழோ பக்கத்திலோ, கறுப்பாகப் பளபளக்கும் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஐ சென்சர். அதற்குள் இருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வெளியே போகிறது. உங்கள் முகம் அருகே வந்தால் அந்த ஒளி பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வரும் ஒளி போதிய அளவு இருந்தால், யாரோ கண் வைத்துவிட்டார் என்று முடிவுசெய்து, கேமரா பின் திரையை அணைத்து வியூஃபைண்டரை ஏற்றுகிறது.

இதில் சிக்கல் எங்கே என்று இப்போது ஊகித்துவிடலாம். சென்சருக்குக் கண் எது, கட்டைவிரல் எது என்று தெரியாது. சில சென்டிமீட்டர் தூரத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் எதுவும் அதற்கு முகம்தான். அதிகம் நடப்பது இப்படி: கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்து, திரையை மேல்நோக்கிச் சாய்த்து, கீழே குனியாமல் படம் எடுக்க நினைக்கிறீர்கள். கேமரா உடம்பை ஒட்டியிருக்கிறது. சட்டை சென்சருக்கு எதிரே வந்ததும் திரை இருண்டுவிடுகிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் திரும்பி வருகிறது, மறுபடி நெருங்கினால் போகிறது. திரையில் விரலால் தொட்டு ஃபோகஸ் புள்ளியை மாற்றும்போது கை சென்சருக்கு மேல் போனாலும், கழுத்துப்பட்டை ஊசலாடி எதிரே வந்தாலும் இதேதான். கடுமையான வெயில் சென்சருக்குள் நேராக விழும்போதும் சில கேமராக்கள் தடுமாறும், சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறதே.

இது சென்சர் செய்யும் வேலைதானா என்று உறுதிசெய்ய, கேமராவை மேசையில் வைத்து, பின்னால் எதுவும் இல்லாதபடி பாருங்கள். திரை நிலையாக எரிய வேண்டும். இப்போது விரலை சென்சருக்கு அருகே கொண்டுபோங்கள். திரை அணைந்து, வியூஃபைண்டருக்குள் வெளிச்சம் வந்தால் சென்சர் நன்றாக வேலை செய்கிறது. விரலை எடுத்ததும் ஒரு நொடி போலத் தாமதித்துத் திரை திரும்ப வரும். அந்தத் தாமதம் இயல்பானது. திரை அணைந்தாலும் வியூஃபைண்டருக்குள் வெளிச்சம் வரவில்லை, சற்று நேரம் எந்தப் பட்டனையும் தொடாதபோதுதான் அணைந்தது என்றால் அது சென்சர் இல்லை, மின்சேமிப்பு அமைப்பு. ஷட்டரைப் பாதி அழுத்தினால் திரும்பிவிடும். எத்தனை நொடியில் அல்லது நிமிடத்தில் தூங்க வேண்டும் என்பதை மெனுவில் மாற்றிக்கொள்ளலாம்.

எதிரே எதுவும் இல்லாமலே திரை அணைந்து கிடந்தால் முதலில் அந்தக் கறுப்பு ஜன்னலைப் பாருங்கள். மழைத்துளி, வியர்வை, தூசி, முகத்தில் பூசிய கிரீமின் படலம் என எது ஒட்டியிருந்தாலும் அது ஒளியைத் திருப்பி அனுப்பி சென்சரை ஏமாற்றும். ஊதும் பம்பால் தூசியை ஊதிவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், திரவத்தை நேராகத் தெளிக்க வேண்டாம். அடுத்தது, கண்ணைச் சுற்றி வரும் ரப்பர் வளையம். அளவு பெரிதான வேறு தயாரிப்பு வளையம் போட்டிருந்தாலோ, இருக்கும் வளையம் மடங்கியிருந்தாலோ அதன் ஓரம் சென்சர் முன்னால் வந்து நிற்கும். அதைக் கழற்றிவிட்டு விரல் சோதனையை மறுபடி செய்தால் தெரிந்துவிடும்.

அணையாமல் வைத்துக்கொள்வது

ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஓர் அமைப்பை வைத்திருக்கிறது, பெயர்தான் வேறுவேறு. சோனியின் மெனுவில் FINDER/MONITOR என்ற பெயரில் இருக்கும், புதிய மாடல்களில் Select Finder/Monitor. நிக்கான் Z வரிசையில் Monitor mode, ஃபியூஜிஃபில்மில் VIEW MODE, பேனசானிக்கில் LVF பட்டன். உள்ளே இருக்கும் தேர்வுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சென்சரை நம்பித் தானாக மாறுவது, வியூஃபைண்டர் மட்டும், திரை மட்டும். நிக்கானில் Prioritize viewfinder என்று கூடுதலாக ஒன்று உண்டு. படம் எடுக்கும்போது கண் வைத்தால் வியூஃபைண்டர் எரியும், கண்ணை எடுத்தால் திரை எரியாமலே இருக்கும். மெனுவுக்கும் எடுத்த படத்தைப் பார்க்கவும் மட்டும் திரை வரும். எஸ்எல்ஆரிலிருந்து மாறியவர்களுக்கு இது பிடிக்கும்.

இடுப்பு உயரத்தில் நிறைய எடுப்பவர் "திரை மட்டும்" என்பதற்கு மாற்றிவிட்டால் சட்டைத் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் அடுத்து வியூஃபைண்டரில் கண் வைக்கும்போது உள்ளே இருட்டாக இருக்கும், மறுபடி மெனுவுக்குள் போக வேண்டும். அதனால் இந்த மாற்றத்தை ஒரு தனிப் பட்டனில் வைத்துக்கொள்வதே நல்லது. நிக்கானின் பல மாடல்களிலும் பேனசானிக்கிலும் வியூஃபைண்டர் பக்கத்திலேயே இதற்கென்று பட்டன் இருக்கிறது. மற்றவற்றில் C1, C2 போன்ற பட்டன்களில் ஒன்றுக்கு இந்த வேலையை ஒதுக்கிக்கொள்ளலாம்.

இன்னும் நேர்த்தியான வழி சில கேமராக்களில் இருக்கிறது. கேனனின் EOS R வரிசையில் பல மாடல்களில் AUTO1, AUTO2 என்று இரண்டு தேர்வு உண்டு. AUTO1-இல் வைத்தால், திரையை வெளியே திறந்திருக்கும்போது படம் திரையில் மட்டும்தான் வரும், சட்டை வந்தாலும் கை வந்தாலும் அணையாது. திரையை மூடிச் சேர்த்துவிட்டால் சென்சர் பழையபடி வேலை செய்யும். திரையைச் சாய்த்தாலே சென்சர் ஒதுங்கிக்கொள்ளும்படி செய்திருக்கும் கேமராக்கள் மற்ற நிறுவனங்களிலும் உண்டு. பேனசானிக்கின் பல மாடல்களில் சென்சரின் உணர்திறனையே High, Low என்று மாற்றலாம். Low-இல் வைத்தால் பொருள் இன்னும் நெருங்கினால்தான் மாறும். கண்ணாடி அணிபவர்கள் மட்டும் இதில் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் முகம் ஏற்கெனவே தள்ளியே இருக்கிறது, Low-இல் கண் வைத்தும் வியூஃபைண்டர் எரியாமல் போகலாம்.

இந்தப் பட்டன்களால் வரும் பீதியும் ஒன்று உண்டு. வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் பட்டன் தெரியாமல் அழுந்தி "வியூஃபைண்டர் மட்டும்" என்று மாறிவிட்டால், பின் திரை ஒரேயடியாக இருட்டாகிவிடும். மெனுவை அழுத்தினாலும் ஒன்றும் வராது, திரை போய்விட்டது என்றே தோன்றும். வியூஃபைண்டரில் கண்ணை வையுங்கள், மெனு அங்கே திறந்து நிற்கும். அங்கிருந்தபடியே அமைப்பைத் தானாக மாறும் நிலைக்குக் கொண்டுவந்தால் திரை திரும்பிவிடும்.

தானாக மாறும் நிலையில் பேட்டரியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை அணைக்காமல் கழுத்தில் தொங்கவிட்டால், சென்சர் உங்கள் மார்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். யாரும் பார்க்காத வியூஃபைண்டர் எரிந்துகொண்டிருக்கும், சில கேமராக்கள் சென்சர் மூடியிருக்கும்வரை தூங்கவும் போகாது. நடக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுவது, அல்லது திரை மட்டும் என்று வைத்துக்கொள்வது, இரண்டில் ஒன்றைப் பழக்கிக்கொள்ளலாம்.

சர்வீஸுக்கு எப்போது போக வேண்டும்? சென்சர் ஜன்னலைத் துடைத்தாயிற்று, ரப்பர் வளையத்தைக் கழற்றியாயிற்று, அமைப்பு தானாக மாறும் நிலையில்தான் இருக்கிறது, மெனுவிலிருந்து எல்லா அமைப்பையும் தொடக்க நிலைக்கு மீட்டும் பார்த்தாயிற்று. அதற்குப் பின்னும் விரலைக் கொண்டுபோனால் எந்த மாற்றமும் இல்லை, அல்லது எதிரே ஒன்றும் இல்லாமலே திரை எரிய மறுக்கிறது என்றால் சென்சரோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கிறது. டயாப்டரிலும் அப்படித்தான். சக்கரத்தை ஒரு கடைசியிலிருந்து இன்னொரு கடைசிவரை திருப்பியும் எழுத்தில் துளி மாற்றமும் தெரியவில்லை என்றால் உள்ளே லென்ஸ் நகரவில்லை. உங்கள் கண்ணாடியோடு பார்த்தும், வேறொருவர் பார்த்தும் அதே நிலைதான் என்று உறுதிசெய்துகொண்டு கொடுங்கள். பழுதுபார்ப்பவரிடம் "மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், "சக்கரம் திருப்பினால் எழுத்து மாறவில்லை", "விரல் வைத்தால் வியூஃபைண்டர் எரியவில்லை" என்று சொன்னால் அவர் தேட வேண்டிய இடம் உடனே தெரிந்துவிடும். சென்சர் பழுதான கேமராவைக் கொடுக்கும்வரை அமைப்பைக் கைமுறைக்கு மாற்றி, C பட்டனால் திரையையும் வியூஃபைண்டரையும் நீங்களே மாற்றிக்கொண்டு படம் எடுக்கலாம்.